ரஷ்ய மொழியில் 'இஸ்', 'ஆர்' எங்கே போயின?

"ஆன்னா இஸ் எ ஸ்டூடன்ட்" என்ற ஆங்கில வாக்கியத்தை ரஷ்யனுக்கு மாற்ற உட்கார்ந்தால், முதலில் எல்லோரும் தேடுவது 'இஸ்' என்பதற்கான சொல்லை. நிகழ்காலத்தில் அப்படி ஒரு சொல் அங்கே புழங்குவதில்லை. பழைய ஸ்லாவிய மொழியில் ஆளுக்கொரு வடிவம் இருந்தது. இன்று 'யெஸ்த்' என்ற ஒன்றுதான் மிச்சம். அதற்கும் வேறு வேலை. அதைப் பிறகு பார்ப்போம்.

தமிழருக்கு இதில் குறுக்குவழி ஒன்று உண்டு: ஆங்கில வாக்கியத்தை முதலில் தமிழில் சொல்லிவிடுங்கள். "ஆன்னா மாணவி." நம் வாக்கியத்திலும் வினைச்சொல் இல்லையே!

ஐந்து வாக்கியங்களை எடுத்துக்கொள்வோம்: ஆன்னா மாணவி. இப்போது மாஸ்கோவில் இருக்கிறாள். அவள் அறை சின்னது. அறையில் ஒரு ஜன்னல் உண்டு. அவள் படித்துக்கொண்டிருக்கிறாள். ஆங்கிலத்தில் ஐந்திலும் 'இஸ்' வரும். (ரஷ்ய உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் தோராயமாகத்தான் தருகிறேன்.)

படி 1: பெயரும் பெயரும். "ஆன்னா – ஸ்துத்யேன்த்கா." இரண்டு பெயர்ச்சொற்களையும் அப்படியே வைத்து, எழுதும்போது நடுவில் ஒரு நீள்கோடு இடுங்கள். எழுவாய் 'அவள்' போன்ற பிரதிப்பெயராக இருந்தால் பொதுவாகக் கோடு வேண்டாம்: "அனா ஸ்துத்யேன்த்கா." 'ஒரு' என்பதற்கும் சொல் தேட வேண்டாம், ரஷ்யனில் 'எ', 'தி' இரண்டுமே கிடையாது.

படி 2: இடம். இங்கே மட்டும் தமிழ் வழுக்கிவிடும். நாம் 'இருக்கிறாள்' என்போம், ரஷ்யன் அதையும் விட்டுவிடும்: "அனா சிச்சாஸ் வ் மஸ்க்வே." சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'அவள் இப்போது மாஸ்கோவில்', அவ்வளவுதான்.

படி 3: பண்பு. "யியோ கோம்னத்தா மாலின்கயா", அவள் அறை சின்னது. 'கோம்னத்தா' பெண்பால் சொல் என்பதால் 'மாலின்கயா'. வீடு (தோம்) ஆண்பால், அதற்கு 'மாலின்கி' என்று முடியும். வினைச்சொல் இல்லாததால் வரிசை கவனம்: 'மாலின்கயா கோம்னத்தா' என்று திருப்பினால் பொதுவாக 'சின்ன அறை' என்றே கேட்கும். 'சின்ன அறை', 'அறை சின்னது' என்று நாம் வேறுபடுத்துவது போலத்தான்.

படி 4: உண்டா, இல்லையா. இதில்தான் 'யெஸ்த்' வருகிறது: "வ் கோம்னத்யே யெஸ்த் அக்னோ." ஒன்று இருக்கிறதா என்பதே பேச்சாக இருந்தால் யெஸ்த் போடுங்கள். தமிழில் 'உண்டு' பொருந்துகிறதா என்று சொல்லிப் பார்ப்பது நல்ல சோதனை. 'எனக்கு ஒரு சகோதரன் உண்டு' பொருந்துகிறது, ஆகவே "ஊ மின்யா யெஸ்த் பிராத்." 'எனக்குக் காய்ச்சல்' என்பதில் 'உண்டு' ஒட்டாது, ரஷ்யனிலும் "ஊ மின்யா தெம்பெராதூரா"தான். அவளுக்கு நீலக் கண்கள் என்பதும் அப்படியே: கண் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை, நிறம்தான் செய்தி. ஆகவே யெஸ்த் வராது.

மறுக்கும்போது நம் 'அல்ல', 'இல்லை' வேறுபாடு கைகொடுக்கிறது. அன்றாடப் பேச்சில் இரண்டையும் கலந்துவிட்டோம், இதற்காகவாவது தூசி தட்டி எடுங்கள். 'அவள் மாணவி அல்ல' என்றால் 'நி': "அனா நி ஸ்துத்யேன்த்கா." 'அறையில் ஜன்னல் இல்லை' என்றால் 'நியெத்': "வ் கோம்னத்யே நியெத் அக்னா." 'அக்னோ' இங்கே 'அக்னா' ஆனதைப் பாருங்கள். நியெத் வந்தால் இல்லாத பொருள் ஆறாம் வேற்றுமைக்குப் போய்விடும். ஆளுக்கும் இதே விதி: அவள் வீட்டில் இல்லை, "யியோ நியெத் தோமா."

படி 5: 'இங்' வினைகள். 'இஸ் ரீடிங்' என்பதில் உள்ள 'இஸ்' வெறும் துணைவினை. ரஷ்யனில் ஒரே சொல் போதும்: "அனா சித்தாயெத்." இதே சொல் 'படிக்கிறாள்', 'படிப்பாள் (வழக்கமாக)' இரண்டுக்கும் நிற்கும். "அனா யெஸ்த் சித்தாயெத்" என்று எழுதினீர்களானால், ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்திருக்கிறீர்கள் என்று படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

பாடநூல்களிலும் அறிவியல் வரையறைகளிலும் பெயருக்கும் பெயருக்கும் நடுவே 'யெஸ்த்' நிற்பதைப் பார்க்கலாம். அது ஏட்டு நடை, ஆரம்பத்தில் பின்பற்ற வேண்டாம்.

இந்த மறைவு நிகழ்காலத்துக்கு மட்டும்தான். இறந்தகாலத்தில் வினை வெளியே வந்துவிடும், பாலும் காட்டும்: ஆணுக்கு 'பில்', பெண்ணுக்கு 'பிலா'. எதிர்காலத்தில் 'பூதெத்'. அப்போது பெயரும் பொதுவாகக் கருவி வேற்றுமைக்கு மாறும்: "ஆன்னா பிலா ஸ்துத்யேன்த்கோய்", ஆன்னா மாணவியாக இருந்தாள். நாம் 'ஆக' சேர்க்கும் இடத்தில் அவர்கள் 'ஓய்' சேர்க்கிறார்கள். மாஸ்கோ வாக்கியத்தில் அந்த மாற்றமும் வேண்டாம், 'பிலா'வை நுழைத்தால் போதும்: "அனா பிலா வ் மஸ்க்வே."