பழ வண்டி நோட்டில் காணாமல் போன 750 ரூபாய்

என் அக்கா வீட்டுக்காரர் வேலூர் சத்துவாச்சாரி பக்கம் தள்ளுவண்டியில் பழம் விற்கிறார். மே மாசம், மாம்பழ சீசன், வியாபாரம் நன்றாகத்தான் ஓடியது. ஆனாலும் ராத்திரி கல்லாவை எண்ணினால் கையில் ஒன்றும் நிற்கவில்லை. "இன்னா மச்சான், கிலோவுக்கு முப்பது ரூபா நிக்குது, ஆனா காசு எங்க போவுதுன்னே தெரியல" என்றார். நோட்டைக் காட்டச் சொன்னேன். நோட்டு இருந்தது. "மாம்பழம் 2000" என்று ஒரு வரி, அதற்குக் கீழே "விற்பனை 1760" என்று ஒரு வரி. மறுநாளும் அதேபோல.

முதல் தவறு இதுதான். ரூபாயை மட்டும் எழுதுவது. ரூபாய் மட்டும் இருந்தால் கடனுக்குப் போன காசும், டீ குடித்த காசும், அழுகிப்போன பழமும் ஒன்றாகக் கலந்துவிடும். எது எவ்வளவு தின்றது என்று பிறகு பிரிக்கவே முடியாது. கிலோவையும் எழுதினால் மட்டும் கணக்கு தானே பேசும், ஏனென்றால் பழம் போகும் வழிகள் கொஞ்சம்தான்: விற்றிருக்க வேண்டும், அழுகியிருக்க வேண்டும், இல்லையென்றால் வண்டியில் இருக்க வேண்டும். நேற்றைய மீதியோடு இன்று வாங்கியதைக் கூட்டி, அழுகலையும் ராத்திரி மீதியையும் கழித்தால் இன்று விற்ற கிலோ வந்துவிடும். அந்தக் கிலோவும் கல்லாக் காசும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும்.

எல்லாப் பழத்துக்கும் இதைச் செய்ய உட்கார்ந்தால் மூன்றாம் நாளே நோட்டு மூலைக்குப் போய்விடும். சீக்கிரம் கெடும் பழத்துக்கு மட்டும் தினக்கணக்கு போதும்: மாம்பழம், சப்போட்டா, கொய்யா, பப்பாளி. ஆப்பிள், மாதுளையை வாரம் ஒருமுறை எடை போட்டாலே சரியாக இருக்கும். வாழைப்பழத்தைச் சீப்புக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

மண்டியில் பெட்டி 1000 ரூபாய் என்று இரண்டு பெட்டி பங்கனப்பள்ளி எடுத்தார். துண்டுச்சீட்டில் பெட்டிக்கு 22 கிலோ என்று இருந்தது. அதை அப்படியே நோட்டில் ஏற்றியிருந்தார். ஆனால் அந்த 22, பெட்டியோடு சேர்ந்த எடை. காலிப் பெட்டியைத் தராசில் வைத்துப் பார்த்தோம், 2 கிலோ. பழம் 20 கிலோதான். பெட்டிக்கு 2 கிலோ என்றால் இரண்டு பெட்டிக்கு 4 கிலோ. வாங்கவே இல்லாத பழம் வண்டியில் இருப்பதாக நோட்டு சொல்லிக்கொண்டே இருக்கும், கணக்கு ஒருநாளும் ஒத்துவராது. மண்டி எடையை நம்ப வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நீங்கள் விற்கும் தராசு எதுவோ, அதே தராசில் வந்த பழத்தையும் போடுங்கள். தராசு கொஞ்சம் அப்படி இப்படி இருந்தாலும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கும்.

அடுத்தது கூலியும் ஆட்டோவும். ஆறு பெட்டி ஏற்றிவந்த ஆட்டோவுக்கு 480 ரூபாய், பெட்டிக்கு 80. இறக்குக்கூலி பெட்டிக்கு 20. ஆக இரண்டு பெட்டி மாம்பழம் 2000 இல்லை, 2200. இதைப் பலர் "செலவு" என்று தனியாக வேறு பக்கத்தில் எழுதி மறந்துவிடுகிறார்கள். பழத்தின் விலையிலேயே ஏற்றிவிட வேண்டும். அப்போது கிலோ 50 இல்லை, 55.

இப்போது அந்த இரண்டு பெட்டி, அதாவது 40 கிலோ, மூன்று நாளில் எப்படிப் போனது என்று பார்க்கலாம். விற்ற விலை கிலோ 80.

முதல் நாள் பெட்டியைப் பிரித்தபோதே அடியில் நசுங்கியது 1 கிலோ. கல்லாவில் மாம்பழக் காசு 1760, அதாவது 22 கிலோ. ராத்திரி மீதியை எடை போட்டால் 16.5 கிலோ. நாற்பதில் ஒன்றும் பதினாறரையும் போக 22.5 விற்றிருக்க வேண்டும். அரை கிலோ குறைகிறது. யாரும் திருடவில்லை. தராசில் கொஞ்சம் கூடவே போட்டுக் கொடுப்பது, ருசி பார்க்க ஒரு துண்டு நறுக்கிக் கொடுப்பது, வீட்டுப் பையனுக்கு ஒன்று, இதெல்லாம்தான். அதற்கு நோட்டில் "குறைவு" என்று ஒரு கட்டம் வைத்தோம். அது இல்லையென்றால், கணக்கு ஒத்துவர வேண்டுமே என்று ஆட்கள் அழுகலை இஷ்டத்துக்குக் கூட்டி எழுதிவிடுவார்கள்.

இரண்டாம் நாள் காலை 16.5 கிலோ. கிலோ 80-க்கு 9 கிலோ விற்றது, 720 ரூபாய். ரொம்பக் கனிந்ததைக் கூறு கட்டி, கூறு 20 ரூபாய் என்று ஆறு கூறு, மொத்தம் 3 கிலோ, 120 ரூபாய். அழுகல் 2 கிலோ. கழித்தால் 2.5 கிலோ இருக்க வேண்டும், தராசு 2.3 காட்டியது. நம்ம ஊர் வெயிலில் பழம் நீர் விட்டு எடை குறைவதும் இதில் சேர்த்தி. மூன்றாம் நாள் 1 கிலோ 50 ரூபாய்க்குப் போனது, மிச்சம் 1.3 கிலோ குப்பை.

மொத்த வரவு 1760, 720, 120, 50. கூட்டினால் 2650. அடக்கம் 2200 போக லாபம் 450 ரூபாய். மாமாவின் மனக்கணக்கு என்ன? வாங்கினது 50, விற்கிறது 80, கிலோவுக்கு 30, நாற்பது கிலோவுக்கு 1200. இடையில் 750 ரூபாய் காணவில்லை. போன இடம் இதோ: ஆட்டோவும் கூலியும் 200. அழுகல் 4.3 கிலோ, விற்றிருந்தால் 344. குறைவு 0.7 கிலோ, 56. கூறு கட்டியதிலும் கடைசி நாள் குறைத்துக் கொடுத்ததிலும் 150. கூட்டிப் பாருங்கள், சரியாக 750.

இதில் கூறு விஷயத்தைத்தான் நோட்டு எழுதுபவர்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். அழுகல் என்றால் குப்பையில் போட்டது மட்டும் என்று நினைப்பு. 80 ரூபாய்ப் பழம் 40 ரூபாய்க்குப் போவதும் பாதி அழுகல்தான். அதனால் விற்பனையில் "நல்ல விலை" ஒரு கட்டம், "கூறு" ஒரு கட்டம் என்று பிரித்து எழுதுங்கள். ஜூஸ் கடைக்குக் கொடுப்பதும் கூறு கட்டத்திலேயே போகட்டும்.

இன்னொரு பிசகு, வாங்கின கிலோவால் வகுத்து அடக்கம் போடுவது. 2200-ஐ 40-ஆல் வகுத்தால் 55. ஆனால் காசு கொடுத்து ஆள் வாங்கிப் போனது 35 கிலோதான். 2200-ஐ 35-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 63. முதல் நாள் காலையிலேயே ஒருவர் வந்து "அறுபதுக்குக் குடுப்பா" என்று பேரம் பேசினால், ஐம்பதுக்கு வாங்கினதில் பத்து நிற்கிறதே என்று தோன்றும். உண்மையில் கிலோவுக்கு மூணு ரூபாய் கையை விட்டுப் போகிறது. மூன்றாம் நாள் சாயங்காலம் அதே அறுபது கேட்டால் கேள்வியே வேண்டாம், கொடுத்துவிட வேண்டியதுதான். அப்போது அடக்கத்தைப் பார்த்தால் பழம் மறுநாள் குப்பைக்குத்தான் போகும்.

அழுகலை எப்போது எழுதுவது என்பதிலும் தவறு நடக்கிறது. காலையில் வண்டி பிரிக்கும்போது கெட்டதை எடுத்துத் தூர எறிந்துவிட்டு, ராத்திரி ஞாபகத்தில் "ஒரு ரெண்டு கிலோ இருக்கும்" என்று எழுதுகிறோம். அதற்குள் பாதியை மாடு தின்றிருக்கும். அக்கா ஒரு வழி செய்தார். வண்டிக்குக் கீழே ஒரு பழைய பக்கெட். நாள் முழுக்கக் கெட்ட பழம் எல்லாம் அதில்தான். ராத்திரி பக்கெட்டோடு எடை போட்டு, பக்கெட் எடையைக் கழித்து எழுதிவிட்டு, அதற்கப்புறம் மாட்டுக்குப் போட்டுக்கொள்ளலாம். பழ வகை கலந்துவிடும் என்றால் வகைக்கு ஒரு பை.

எடையோடு ஏன் கெட்டது என்று ஒரே எழுத்தில் குறித்தால் இன்னும் நல்லது. வந்தபோதே நசுங்கியிருந்தால் "ந". வெயில் பட்டு வெந்திருந்தால் "வெ". விற்காமல் கிடந்து கனிந்து போயிருந்தால் "க". இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. "ந" அதிகமென்றால் மண்டியிலேயே பெட்டியைத் திறந்து அடித்தட்டைப் பார்த்து எடுக்க வேண்டும். "வெ" என்றால் மதியம் வண்டியை நிழலுக்குத் தள்ளி, ஈரச் சாக்கு போட வேண்டும். "க" என்றால் வாங்கும் அளவே அதிகம்.

காசுப் பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலையில் கல்லாவில் போட்ட சில்லறை 300 என்றால் ராத்திரி அதைக் கழிக்க வேண்டும். பகலில் கல்லாவிலிருந்து எடுத்த டிபன், டீக் காசைக் கூட்ட வேண்டும். ஜிபே காசு மாமாவின் மகன் போனுக்குப் போகிறது, அதைக் கல்லாவோடு சேர்க்காமல் விட்டதால் ஒரு வாரம் கணக்கு தலைகீழாக நின்றது. வியாபாரம் முடித்ததும் போனைப் பார்த்து அன்றைய தொகையை எழுதிக்கொண்டால் தீர்ந்தது. தண்டல்காரருக்குக் கட்டும் தினக் காசு பழ நஷ்டம் இல்லை. அது நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கட்டும், பழப் பக்கத்துக்கு வர வேண்டாம்.

ஒரு பழத்துக்கு ஒரு நாளைக்கு ஒரே வரி. அக்கா நோட்டில் முதல் நாள் வரி இப்படி இருக்கும்:

மா – மீதி 0, வரவு 40, அழு 1 ந, நல்ல விலை 22, கூறு 0, குறைவு 0.5, மீதி 16.5

கடைசி மீதி கட்டாயம் தராசில் போட்டதாக இருக்க வேண்டும். கழித்து எழுதினால் குறைவு எப்போதும் பூஜ்யம்தான் காட்டும், நோட்டு எழுதியே பிரயோஜனமில்லை. களைத்து வந்த ராத்திரியில் இதுதான் முதலில் விட்டுப்போகும். ஒருநாள் விட்டால் அந்த நாளுக்குக் கோடு போட்டுவிட்டு மறுநாள் காலை எடையிலிருந்து தொடங்குங்கள். யோசித்து நிரப்ப வேண்டாம்.

இரண்டு வாரம் எழுதிய பிறகு பார்த்தால் மாமா நோட்டில் "க" தான் நிறைய இருந்தது, அதுவும் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் வரிகளில். வெள்ளிக்கிழமை மட்டும் முதல் நாளே முப்பது கிலோவுக்கு மேல் போயிருந்தது. மற்ற நாளில் இருபதைத் தாண்டினாலே அதிகம். இப்போது வெள்ளிக்கு இரண்டு பெட்டி, மற்ற நாளுக்கு ஒன்றுதான் எடுக்கிறார். ஆட்டோவைப் பக்கத்து வண்டிக்காரரோடு பங்கு போட்டுக்கொள்கிறார்.