கேள்விக்கு அடுத்த வரியிலேயே பதில்: குரல் தேடலுக்காக ஒரு கடைப் பக்கத்தைத் திருத்திய விதம்

கோவை கணபதியில் என் மாமா கிரைண்டர் கடை வைத்திருக்கிறார். கடையின் இணையப் பக்கத்தில் இட்லி மாவு பற்றி அவரே ஆசையாக எழுதியிருந்தார். கை முழுக்க மாவோடு நின்றுகொண்டு போனிடம் வாயால் கேட்பவர்களுக்கும் அது பயன்பட வேண்டும் என்றார். போன் வாசித்துச் சொல்வது ஒரு பக்கத்திலிருந்து வெட்டியெடுத்த ஓரிரு வாக்கியங்களைத்தான். அப்படி வெட்டியெடுக்க வசதியாகப் பக்கத்தை மாற்றுவதே வேலை.

முதலில் கேள்வியைச் சரிசெய்யுங்கள். எந்தத் தேடல்களில் உங்கள் பக்கம் வந்தது என்று கூகுள் காட்டும் Search Console-இல் Performance பகுதிக்குப் போய், எவ்வளவு, எப்படி, ஏன் போன்ற சொற்கள் வரும் தேடல்களைப் பாருங்கள். மாமாவின் தலைப்பு ‘உளுந்து அரைக்கும் முறை’. தேடியவர்களோ ‘உளுந்து எவ்வளவு நேரம் ஆட்டணும்’ என்று கேட்டிருந்தார்கள். நம் ஊர்ப் பக்கம் மாவை ஆட்டத்தானே செய்கிறோம்! தலைப்பில் அந்தச் சொல்லையே வைத்தேன். ‘அரைக்க’ என்பதைப் பதிலுக்குக் கீழே வரும் விளக்கத்தில் சேர்த்தேன். இதற்குக் காசு கொடுத்து வாங்கும் கருவிகள் எதுவும் தேவையில்லை. கடைக்குப் போன் செய்கிறவர்கள் கேட்பதை ஒரு நோட்டில் எழுதி வைப்பது அவற்றைவிட மேல்.

அடுத்தது பதில். பழைய பக்கத்தில் தலைப்புக்குக் கீழே ஆட்டுக்கல் காலத்து நினைவுகள் இரண்டு பத்தி, பிறகு ஒரு படம், நான்காவது பத்தியின் நடுவில்தான் நிமிடக் கணக்கு. அந்தக் கணக்கை மேலே தூக்கி வைத்தேன்.

நான் சறுக்கியது இங்கேதான். முதலில் இப்படி எழுதினேன்: “இதை 25-30 நிமிடம் ஆட்டினால் போதும், மேலே சொன்னபடி தண்ணீர் தெளிக்கவும்.” கண்ணால் படிக்கும்போது குறையே தெரியவில்லை. ஆண்ட்ராய்டு போனில் உள்ள Select to Speak வசதியை இயக்கி, அந்த வரியை மட்டும் வாசிக்க வைத்தபோதுதான் விளங்கியது. ‘இதை’ என்றால் எதை? ‘மேலே’ என்றால் எங்கே? எண்களுக்கு நடுவில் இருந்த கோட்டைக் குரல் விழுங்கிவிட்டது. “இருபத்தைந்து முப்பது நிமிடம்” என்றுதான் காதில் விழுந்தது. தலைப்பு இல்லாமல் தனியே கேட்டாலும் பொருள் தருவதுதான் சரியான பதில். அதனால் பெயர்ச்சொல்லைத் திரும்பச் சொல்லுங்கள், கோட்டுக்குப் பதில் ‘முதல்’ போடுங்கள், ‘கி.’, ‘நி.’ போன்ற சுருக்கங்களை விரித்து எழுதுங்கள். இப்போது பக்கத்தில் இருப்பது இது:

```html
<h2>உளுந்து எவ்வளவு நேரம் ஆட்ட வேண்டும்?</h2>
<p>ஊறவைத்த உளுந்தை வீட்டு கிரைண்டரில்
25 முதல் 30 நிமிடம் ஆட்ட வேண்டும். மாவில் ஒரு
சொட்டைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும்.</p>
```

தலைப்பு `h2` ஆக இருக்க வேண்டும். வெறுமனே எழுத்தைத் தடிமனாக்கினால் அது தலைப்பு ஆகாது. தலைப்புக்கும் பதிலுக்கும் நடுவில் படமோ விளம்பரமோ வேண்டாம். நீளத்துக்கு என் அளவு ஒரு மூச்சு: வாய்விட்டுப் படிக்கும்போது நடுவில் மூச்சு வாங்கினால் வெட்டுங்கள்.

“மாப்பிள்ளை, நான் எழுதியதையெல்லாம் எடுத்துவிடுவீர்களா?” என்று மாமா வருந்தினார். ஒரு வரியும் எடுக்கவில்லை. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது, மாவு சூடேறாமல் இருக்கக் குளிர்ந்த நீர் விடுவது, ஆட்டுக்கல் நினைவுகள் எல்லாம் பதிலுக்குக் கீழே அடுத்தடுத்த பத்திகளாக இறங்கின.

தேடல் முடிவிலேயே கேள்வி பதில்களைக் காட்டுவதற்கான `FAQPage` குறியீடு சேர்க்கச் சொல்லிப் பலர் எழுதுகிறார்கள். 2023 ஆகஸ்டில் கூகுள் அந்தக் கேள்வி பதில் காட்சியைப் பெயர்பெற்ற அரசு, மருத்துவத் தளங்களோடு நிறுத்திக்கொள்வதாக அறிவித்தது. கடைப் பக்கத்துக்கு அதில் நேரம் செலவிட வேண்டாம். எந்தப் பத்தியை எடுப்பது என்பதைக் கூகுளேதான் முடிவுசெய்கிறது. அதற்கென்று நாம் ஒட்டக்கூடிய முத்திரை எதுவும் கிடையாது.

பிற்சேர்க்கை: கோபியிலிருந்து ஒரு வாசகர், “கிரைண்டர் பழுதுக்கு எவ்வளவு ஆகும் என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லையே?” என்று கேட்டிருந்தார். ‘பழுதைப் பொறுத்தது’ என்று தொடங்கினால் கேட்டவருக்கு எதுவும் கிடைக்காது. கேள்வியை உடைத்துவிடுங்கள். ‘கிரைண்டர் பெல்ட் மாற்ற எவ்வளவு ஆகும்?’ என்று ஒரு தலைப்பு, ‘கிரைண்டர் மோட்டார் காயில் கட்ட எவ்வளவு ஆகும்?’ என்று இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் கீழே உங்கள் கடையின் தொகையையும், எந்த மாத நிலவரம் என்பதையும் அதே வாக்கியத்தில் எழுதுங்கள். விலை மாறும் நாளில் முதலில் திருத்த வேண்டிய வரியும் அதுதான்.