பள்ளத்தைப் பார்த்ததும் "சத்தத்தால் வந்தது" என்று சொல்லிவிடாதீர்கள்

காது பரிசோதனைத் தாளான ஆடியோகிராமைப் போனில் படமெடுத்து அனுப்பி "இது என்னன்னு பாருங்க" என்று கேட்பவர்கள் ஒரு பக்கம். அதைப் பார்த்த அரை நிமிடத்தில் பதில் சொல்லிவிடும் புதியவர்கள் மறுபக்கம். என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்கள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி நானும் செய்தவைதான். கோடு கீழே இறங்கினால் கேட்பது குறைகிறது, வட்டம் வலது காது, பெருக்கல் குறி இடது காது என்பதெல்லாம் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

வலது ஓரம் தெரியாத படத்தைப் படிப்பது

இதை நினைத்தால் இன்னும் எனக்கு எரிச்சல் வரும், காரணம் செய்தது நானே.

தெரிந்த அண்ணன் ஒருவர் இயந்திரக் கூடத்தில் இருபது வருடமாக வேலை செய்கிறார். இடது காதில் கொஞ்ச நாளாக ரீங்காரம், போனை அந்தப் பக்கம் வைத்தால் பேச்சு புரிவதில்லை என்று ஆடியோகிராமைப் படமெடுத்து அனுப்பினார். இடது காதின் கோடு 500 ஹெர்ட்ஸில் 15 டெசிபல், 1000இல் 20, 2000இல் 25 என்று சமர்த்தாக வந்து, 4000இல் சடாரென்று 60க்கு இறங்கியது. அதற்கு அடுத்து இருந்தது அவருடைய கட்டைவிரல். தாளைப் பிடித்துக்கொண்டு படமெடுத்திருக்கிறார், 6000, 8000 இரண்டும் நகத்துக்கு அடியில்.

4000இல் பள்ளம், இயந்திரக் கூட வேலை. எனக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. "மிஷின் சத்தம்தான் அண்ணே, வேற ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டேன். அவர் அதை நம்பி, கூடுதல் நேர வேலையையும் அதில் வந்த வருமானத்தையும் விட்டுவிட்டு, சத்தம் குறைந்த வேறு பிரிவுக்கு மாறிக்கொண்டார். எட்டு மாதம் கழித்து ரீங்காரம் குறையவில்லையே என்று நேரில் வந்தபோதுதான் முழுத் தாளையும் பார்த்தேன். 6000இல் 70, 8000இல் 80.

அது பள்ளமே இல்லை. இறங்கிக்கொண்டே போகும் சரிவு, நான் அதன் பாதியை மட்டும் பார்த்திருக்கிறேன்.

சத்தத்தால் வரும் பாதிப்பு வழக்கமாக 3000 முதல் 6000 வரைக்குள் குழி விழுந்து, 8000இல் திரும்ப மேலே ஏறும். அந்த ஏற்றம்தான் அடையாளம், இறக்கம் அல்ல. குழியின் அடி, 1000 அல்லது 2000ஐ விடக் குறைந்தது 10 டெசிபலாவது தாழ்ந்திருக்க வேண்டும், 8000 அதிலிருந்து 10 டெசிபலாவது மீண்டிருக்க வேண்டும். வித்தியாசம் அதைவிடக் குறைவாக இருந்தால் பேசுவதற்கே பொருளில்லை, ஏனென்றால் ஒரே ஆளை ஒரே நாளில் இருமுறை சோதித்தாலே 5 டெசிபல் முன்னே பின்னே வரும். ஏற்றம் தெரிய 8000 தெரிய வேண்டும். தெரியாத படத்துக்குச் சரியான பதில் "ஓரத்தையும் சேர்த்து மறுபடி எடுத்து அனுப்புங்கள்" என்பது மட்டும்தான். (வயதும் சத்தமும் சேர்ந்துவிட்டால் 8000மும் விழுந்து குழி சரிவுக்குள் மறைந்துபோவது உண்டு. அதனால் சரிவைப் பார்த்து "சத்தமே காரணமில்லை" என்று சொல்வதும் இதே அவசரம்தான்.)

இரண்டாவதாக, விரல் மறைக்காத இடத்திலேயே ஒரு விஷயம் இருந்தது, அதையும் தவறவிட்டேன். அவருடைய வலது காது 4000இல் 30தான். முழுத் தாளில் 8000இல் அது 40. அதாவது இரு காதுக்கும் நடுவே 4000இல் 30, 8000இல் 40 டெசிபல் வித்தியாசம். கூடத்துச் சத்தம் இரண்டு காதிலும்தான் விழுகிறது, பாதிப்பும் பெரும்பாலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும். துப்பாக்கி சுடுகிறவர்களைப்போல ஒரு காது மட்டும் சத்தத்துக்கு நெருக்கமாக இருந்தால் கதை வேறு. அடுத்தடுத்த இரண்டு அதிர்வெண்களில் 20 டெசிபல் அளவுக்கு ஒரு காது பின்தங்கியிருக்கிறது, கூடவே அந்தப் பக்கம் மட்டும் ரீங்காரம் என்றால், கேட்பு நரம்பில் ஏதாவது கட்டி அழுத்துகிறதா என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்தாக வேண்டும். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இவருக்கும் எம்ஆர்ஐயில் கட்டி இல்லை. அதற்காக என் பதில் சரியாகிவிடாது, எட்டு மாதம் அவர் பார்க்க வேண்டியவரைப் பார்க்காமல் இருந்தது என் பேச்சால்தான்.

மூன்றாவது, எலும்பு வழிச் சோதனையின் குறிகள். படத்தில் < > மாதிரியோ [ ] மாதிரியோ சின்னக் குறிகள் இருந்தால் அவை காதுக்குப் பின்னால் எலும்பில் அதிர்வு கொடுத்துச் சோதித்தவை. ஹெட்ஃபோன் கோடு பள்ளத்தில் விழும்போது இவையும் கூடவே விழுந்திருந்தால் பிரச்சினை உள்காதிலோ நரம்பிலோ. இவை மேலேயே நின்றுகொண்டிருந்தால் வழியில் ஏதோ அடைப்பு, அழுக்கோ நடுக்காது நீரோ, அங்கே சத்தத்தைப் பழி சொல்லவே கூடாது. எலும்புக் குறிகள் வழக்கமாக 4000 வரைதான் இருக்கும். 8000இல் காணோமே என்று தேட வேண்டாம்.

சராசரியை மட்டும் பார்த்து "நார்மல்" என்பது

தாளின் கீழே பிடிஏ என்று ஓர் எண் அச்சாகியிருக்கும். பல இடங்களில் அது 500, 1000, 2000 மூன்றின் சராசரி மட்டும்தான். அந்த அண்ணனுடைய இடது காதுக்கே கணக்குப் போடுங்கள்: 15, 20, 25 கூட்டினால் 60, மூன்றால் வகுத்தால் 20. பெரியவர்களுக்கு 25 வரை இயல்பு என்று கொள்ளும் அட்டவணைப்படி அவர் காது நார்மல்! 8000இல் 80க்குப் போன காது. படம் மங்கலாக இருக்கும்போது தெளிவாக அச்சாகியிருக்கும் அந்த எண்ணைப் பிடித்துக்கொள்வது சுலபம், அதனால்தான் இந்தத் தவறு அதிகம்.

டெசிபலைச் சதவீதமாகப் படிப்பது

40 டெசிபல் என்றால் நாற்பது சதவீதம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. அந்தக் காதுக்கு ஒலி மெல்லக் கேட்கத் தொடங்குவதே 40இல்தான் என்று அர்த்தம். பூஜ்யம் என்பதும் நிசப்தம் இல்லை, நல்ல காதுள்ள இளைஞர்களுக்குச் சராசரியாகக் கேட்கத் தொடங்கும் அளவு, சிலருக்கு -10இலும் கேட்கும்.

சாய்ந்த படம்

5 டெசிபல் ஏமாற்றும். தாளைத் தட்டையாக வைத்து நேர்மேலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

முக்கோணமும் பெட்டியும்

அச்சுப்பிழை இல்லை. மறு காதில் இரைச்சல் கொடுத்து அதை ஒதுக்கிவிட்டுச் சோதித்தது. முக்கோணம் வலது, பெட்டி இடது.

குறியில் கீழ்நோக்கிய அம்பு

கருவி தரக்கூடிய உச்ச ஒலியிலும் பதில் இல்லை என்று பொருள். அந்த எண்ணைக் கேட்பு அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

"நேத்து வரைக்கும் நல்லா கேட்டுச்சு"

அப்படிச் சொன்னால் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். ஒரு காது ஓரிரு நாளில் சட்டென்று விழுந்திருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்புங்கள். அதற்கு மருந்து உண்டு, நாள் போகப் போகப் பலன் குறைந்துவிடும்.