தண்டு-இலை வரைபடம்: காலி வரியில் கை வைக்காதீர்கள்

புதிதாகச் சேரும் கணக்கு ஆசிரியர்கள் வகுப்புத் தேர்வு மார்க்கைத் தண்டு-இலை வரைபடமாகப் போடும்போது, நாங்கள் தொடக்கத்தில் செய்த அதே தவறுகளையே செய்கிறார்கள். 47ஐ 74 என்று மாற்றி எழுதுவதையெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. ஒரு முறை சரிபார்த்தால் அது போய்விடும்.

காலித் தண்டை நீக்குவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். 20 பேர் எழுதிய 100 மார்க் தேர்வு ஒன்று. பத்தாம் இடத்து இலக்கம் தண்டு, ஒன்றாம் இடத்து இலக்கம் இலை.

```
2 | 4 8
3 | 1 3 5 5 7 9
4 | 0 2
5 |
6 | 2 5 8
7 | 1 4 4 6
8 | 0 3
9 | 1
```

ஐம்பதுகளில் யாருமே இல்லை. படத்தைப் போட்டுக்கொண்டுவந்த இளம் ஆசிரியர், "அதில்தான் ஒன்றும் இல்லையே சார், எதற்கு ஒரு வரி வீணாக?" என்று 5ஐ எடுத்துவிட்டார். 4க்கு அடுத்து 6 வந்து ஒட்டிக்கொண்டது. நடுவில் லேசாக ஒடுங்கிய ஒரே கூட்டம் போல வகுப்பு தெரிந்தது.

அப்புறம் மையத்தைக் கணக்கிட்டார். 20 பேர் என்பதால் 10ஆவது மார்க்கும் 11ஆவது மார்க்கும் வேண்டும். மேலிருந்து எண்ணினால் அவை 42, 62. இரண்டுக்கும் நடு 52, அதுவே இடைநிலை. மொத்தம் 1088, அதை 20ஆல் வகுத்தால் கூட்டுச் சராசரி 54.4. இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கவே, "வகுப்பு சுமார் ஐம்பதில் நிற்கிறது" என்று முடிவு கட்டி, நடுத்தரக் கணக்குகளாகவே ஒரு மாதம் பயிற்சி கொடுத்தார். மேலே இருந்தவர்களுக்கு அது தெரிந்த பாடம், கீழே இருந்தவர்களுக்கோ எட்டவே இல்லை.

கணக்கு எதுவும் தப்பில்லை. ஆனால் 52, 54.4 இரண்டுமே அவர் அழித்த அந்தக் காலி வரிக்குள்தான் விழுகின்றன. அங்கே ஒரு பிள்ளைகூட இல்லை. வரி இருந்திருந்தால், தாளை இடப்பக்கமாகத் திருப்பிப் பார்த்ததுமே இரண்டு மேடும் நடுவில் ஒரு பள்ளமும் தெரிந்திருக்கும். இந்த மாதிரி வடிவத்தில் ஒரே மையம் சொல்வதில் அர்த்தமில்லை. இரண்டாகப் பிரித்துப் படியுங்கள்: கீழ்ப் பத்துப் பேரின் இடைநிலை 35, மேல் பத்துப் பேருடையது 74. கீழ்க் கூட்டத்தின் நடுவே பாஸ் மார்க்கில் நிற்கிறது, நாலு பேர் அதற்கும் கீழே. 52 என்ற எண்ணைப் பார்த்து இதை யாராவது ஊகிக்க முடியுமா?

அதற்காகக் காலி வரி கண்ட இடத்திலெல்லாம் வகுப்பை இரண்டாக உடைக்கவும் வேண்டாம். 49இலும் 60இலும் ஆள் இருந்தாலும் ஐம்பது வரி காலிதான், இடைவெளி வெறும் 11. இருபது பேரில் அது தற்செயலாகவே வரலாம். காலி வரிக்கு மேலும் கீழும் உள்ள இலைகளைப் பாருங்கள். இங்கே 42க்கு அப்புறம் நேராக 62, அதுவும் இரண்டு பக்கமும் பத்துப் பத்துப் பேர். அதனால்தான் இதைப் பொருட்படுத்தச் சொல்கிறேன்.

10.5ஐ இடைநிலை என்று எழுதுவது

(20 + 1) ÷ 2 = 10.5 என்பது இடம், மார்க் இல்லை.

இலைகளை வரிசைப்படுத்தாமல் எண்ணுவது

விடைத்தாள் கட்டில் வந்த வரிசையிலேயே இலைகளை எழுதுவது முதல் படி மட்டுமே. ஒவ்வொரு வரியையும் சிறியதிலிருந்து பெரியதாக மறுபடி எழுதிய பிறகே எண்ண வேண்டும். 6ஆம் வரி 8 2 5 என்று கிடந்தால் 11ஆவது மார்க் 68 ஆகிவிடும், இடைநிலை 55க்குப் போய்விடும். தப்பான விடையும் நம்பும்படியாகவே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

ஒரே மார்க்கை ஒரு முறை மட்டும் எழுதுவது

மேலே ஒரு 35ஐ விட்டுப்பாருங்கள்: 19 பேர், இடைநிலை 62.

இலைகளை நெருக்கியும் தள்ளியும் எழுதுவது

வரியின் நீளம்தான் வடிவம். கட்டம் போட்ட நோட்டில், கட்டத்துக்கு ஓர் இலை.

25 மார்க் தேர்வுக்கும் அதே தண்டுகள்

0, 1, 2 என்று மூன்றே வரிகளில் எல்லாரும் குவிந்துவிடுவார்கள், வடிவம் ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு தண்டையும் இரண்டு முறை எழுதுங்கள்: முதல் வரிக்கு 0 முதல் 4 வரையுள்ள இலைகள், அடுத்த வரிக்கு 5 முதல் 9 வரை. ஒரு தண்டைப் பிரித்தால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். கூட்டம் அதிகமுள்ள தண்டை மட்டும் பிரித்தால் அந்த மேடு பாதியாகக் குறுகிவிடும்.