உயரத்தை எழுதினீர்கள், மணியை எழுதினீர்களா?

போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் முதியோருக்கான முகாம். வருடம் ஒரு முறை உயரத்தை அளந்து பார்த்தால் எலும்பு வலுவிழப்பதைச் சீக்கிரம் பிடிக்கலாம் என்று பேச ஒரு பிசியோதெரபி மாணவி வந்திருந்தாள். நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். இருபது வருடத்துக்கு முன் நான் சொதப்பிய இடங்களில் எல்லாம் அவளும் சரியாகச் சொதப்பினாள். செருப்பைக் கழற்றச் சொல்வது, கொண்டையை இறக்கிவிடச் சொல்வது எல்லாம் யாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

"எலும்பு தேய்மானம்" என்று ஆரம்பிப்பது

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் முன்வரிசையில் இருந்த நாலு பேர் முழங்காலைத் தடவ ஆரம்பித்தார்கள். நம் ஊரில் தேய்மானம் என்றால் மூட்டு வலி. அதற்கப்புறம் நீங்கள் முதுகெலும்பைப் பற்றி என்ன சொன்னாலும் அவர்கள் மனசு முட்டியில்தான் இருக்கும். கேள்வி நேரத்தில் தைலம் பற்றிக் கேட்பார்கள்.

எலும்பு உள்ளுக்குள் பொத்தலாகிப் போவது வேறு நோய். அதை நான் தீப்பெட்டி வைத்துக் காட்டுகிறேன். நெஞ்சுக்கூட்டுக்குப் பின்னால் 12, இடுப்புப் பக்கம் 5, மொத்தம் 17 முள்ளெலும்புகள். பதினேழு காலித் தீப்பெட்டிகளைப் படுக்கை வசத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் ஒன்றின் முன்பக்கத்தை மட்டும் விரலால் நசுக்குவேன். அடுக்கு கொஞ்சம் குட்டையாகும், முன்பக்கமாகவும் சாயும். "கூன் இப்படித்தான் விழுதா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். கீழே விழாமலே, பெரிய வலியும் இல்லாமலே எலும்பு இப்படி நசுங்கலாம். பாதிக்கு மேற்பட்ட நசுங்கல்கள் ஆஸ்பத்திரிக்கே வருவதில்லை. அதனால்தான் உயரத்தை அளக்கிறோம்.

வேளை பார்க்காமல் அளப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும். பாதி எரிச்சல் என்மேலேயே.

காலையில் படுக்கையை விட்டு எழும்போது இருக்கிற உயரம் சாயங்காலம் இருக்காது. முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கிற ஜவ்வில் இரவெல்லாம் நீர் ஊறியிருக்கும். எழுந்து நடமாடினால் உடம்பின் பாரத்தில் அது வெளியேறிவிடும். ஒரே நாளில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கலாம், அதிலும் பெரும்பகுதி எழுந்த கொஞ்ச நேரத்திலேயே போய்விடும். மதியம் நன்றாகத் தூங்கி எழுந்தவருக்குக் கொஞ்சம் திரும்பவும் ஏறும்.

நாம் தேடுவதோ 2 சென்டிமீட்டர். முகாமில் முன்பு அளந்ததைவிட 2 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ குறைந்திருந்தால் முதுகுக்குப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். பிடிக்க நினைப்பது 2 சென்டிமீட்டர், வேளை மாறினாலே ஒன்று போய்விடும் என்றால் கணக்கு என்ன ஆகும்?

எனக்கு என்ன ஆனது என்று சொல்கிறேன். அறுபத்தெட்டு வயது அம்மா ஒருவர், முதல் வருடம் சாயங்காலம் ஐந்து மணி முகாமில் 149.0 இருந்தார். அடுத்த வருடம் கூட்டம் சேரட்டும் என்று முகாமை நடைப்பயிற்சிக்காரர்களுக்காகக் காலை ஆறரைக்கு மாற்றினார்கள். ஆறு மணிக்கு எழுந்து, காபி குடித்துவிட்டு நேரே வந்து நின்றார். 148.2. எட்டு மில்லிமீட்டர்தானே என்று நினைத்து, "வயசானா கொஞ்சம் குறையும்மா, பயப்படாதீங்க" என்று அனுப்பிவிட்டேன். "அப்ப சரி கண்ணு" என்று சிரித்துக்கொண்டே போனார்.

எட்டு மாதம் கழித்து, தண்ணீர் வாளியைக் குனிந்து தூக்கும்போது முதுகில் ஏதோ பிடித்துக்கொண்டது. எக்ஸ்ரேயில் இரண்டு முள்ளெலும்புகள் நசுங்கியிருந்தன. படத்தைப் பார்த்த டாக்டர் ஒன்றின்மேல் விரலை வைத்து, "இது புதுசு" என்றார். விரலை மூன்று எலும்பு மேலே நகர்த்தி, "இது பழசு" என்றார்.

வீட்டுக்கு வந்து அட்டையை எடுத்துப் பார்த்தேன். அந்தக் காலை ஆறரை உயரத்தைச் சாயங்கால உயரமாக மாற்றினால் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் கழிக்க வேண்டும். 147.2 என்று வைத்தால், குறைந்த உயரம் எட்டு மில்லிமீட்டர் இல்லை, ஏறக்குறைய 2 சென்டிமீட்டர். காலை உயரம் அந்த நசுங்கலை மூடி மறைத்துவிட்டது. அன்றே எக்ஸ்ரேக்கு அனுப்பியிருந்தால் மருந்து தொடங்கியிருக்கலாம், வாளியை எப்படித் தூக்குவது என்றாவது சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

எதிர்த்திசையிலும் இந்தத் தவறு நடக்கும். முதல் வருடம் காலை, அடுத்த வருடம் சாயங்காலம் அளந்தால் நல்ல முதுகும் குறைந்த மாதிரி தெரியும். அதில் ஆட்டோ காசும் ஒரு எக்ஸ்ரே காசும்தான் நஷ்டம். மறைந்துபோவதுதான் ஆபத்து.

எழுந்து இரண்டு மூன்று மணி நேரமாவது ஆனபின் அளக்கிறேன். பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் என்று வைத்துக்கொண்டேன், வருடா வருடம் அதே வேளை. ஒருவரை மூன்று முறை அளப்பேன். ஒவ்வொரு முறையும் கீழே இறங்கி, இரண்டடி நடந்து, திரும்ப வந்து நிற்கச் சொல்வேன். மூன்றுக்கும் நடுவில் அரை சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் நிற்கிற விதத்தில் கோளாறு, மறுபடி ஆரம்பிக்க வேண்டும். பெரும்பாலும் மோவாய்தான் காரணம். எண்ணைப் பார்க்கும் ஆசையில் தலையை அண்ணாந்துவிடுவார்கள். கண்குழியின் கீழ் விளிம்பும் காதுத் துளையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அட்டையில் உயரம், தேதி, மணி, எந்த அளவுகோல் என்ற நாலும் இருக்கும். மணி இல்லாத அட்டையை நான் பழைய அளவாகவே எடுத்துக்கொள்வதில்லை.

சுவரில் டேப் ஒட்டுவது

சுவரின் அடியில் டைல்ஸ் விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தால் குதிகால் சுவரைத் தொடாது. வேறு சுவர் பாருங்கள்.

கூனை நிமிர்த்திப் பிடிப்பது

தோளைப் பிடித்து அழுத்தாதீர்கள். அவரால் நிற்க முடிந்தபடி நிற்கட்டும். பின்தலை சுவரைத் தொடவில்லை என்றால் அதுவே ஒரு தகவல், இடைவெளியை அளந்து எழுதுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் பக்கவாட்டில் விரலை வைத்துப் பாருங்கள். இரண்டு விரல்கூட நுழையவில்லை என்றால், உயரம் என்ன காட்டினாலும் டாக்டரிடம் அனுப்புங்கள்.

"சின்ன வயசுல எவ்வளவு உயரம்?"

இளமையில் இருந்ததைவிட 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஆனால் இந்தக் கேள்விக்கு யாரிடமும் நம்பகமான பதில் இருக்காது. நான் வேறு விதமாகக் கேட்பேன். எப்போதும் தைக்கிற அளவில் தைத்த உள்பாவாடை இப்போது தரையில் இழுபடுகிறதா? முன்பு எட்டிய பரண் தட்டு எட்டுகிறதா? ஒரு பாட்டி, "ஊறுகாய் ஜாடியை மருமகதான் கீழ் தட்டுல மாத்தி வச்சா, ஏன்னு அப்ப புரியல" என்றார்.

குறைந்ததும் கால்சியம் மாத்திரை கொடுப்பது

முதலில் எக்ஸ்ரே. ஜவ்வு தேய்ந்தாலும், முதுகு பக்கவாட்டில் வளைந்தாலும் உயரம் குறையும்.

"உயரம் அப்படியே இருக்கு, எலும்பு நல்லா இருக்கு"

சொல்லாதீர்கள். இடுப்பும் மணிக்கட்டும் உயரத்தில் தெரியாது. லேசாக விழுந்ததற்கே மணிக்கட்டு உடைந்தவருக்கும், மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிடுபவருக்கும் ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையாவிட்டாலும் எலும்பின் அடர்த்தியை அளக்கிற டெக்ஸா ஸ்கேன் பற்றி டாக்டரிடம் கேட்கச் சொல்லி அட்டையின் பின்பக்கம் எழுதிக் கொடுங்கள்.