வயது கேலி இல்லாமல் 50-வது பிறந்தநாளுக்கு ஒரு கேப்ஷன்: படிப்படியாக

குடும்பத்தில் ஒருவருக்கு 50 நிறைகிறது. புகைப்படம் தயார், மேலே எழுத இரண்டு வரிதான் வரவில்லை. தேடினால் கிடைப்பதெல்லாம் நரைமுடி, மூட்டுவலி, சுகர் மாத்திரை. அதையெல்லாம் தொடாமல் எழுதிப் பார்ப்போம். உதாரணத்துக்கு, தெருவில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு சித்தியை எடுத்துக்கொள்கிறேன். 1976-ல் பிறந்தவர்.

1. முதலில் கணக்கைச் சரிபாருங்கள்

நம் வீடுகளில் நடக்கும் வயதைச் சொல்கிறவர்களும் உண்டு, முடிந்த வயதைச் சொல்கிறவர்களும் உண்டு. 49 முடிந்த நாளிலேயே "50 நடக்குது" என்பார்கள். அரை நூற்றாண்டு என்று எழுதப்போகிறீர்கள் என்றால் 50 முழுதாக நிறைந்திருக்க வேண்டும். நடப்பு ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழியுங்கள். சித்திக்கு 2026-ல் சரியாக வருகிறது.

2. காலம் எடுத்த ஒரு விஷயத்தைக் கண்டுபிடியுங்கள்

வேலையில் பாதி இதுதான். "அன்பானவர், உழைப்பாளி" என்று எழுதினால் அது 25 வயதுக்காரருக்கும் பொருந்தும். பல வருடங்கள் போனால்தான் நடக்கக்கூடிய ஒன்று வேண்டும். அவரோடு நெடுநாள் பழகிய இரண்டு பேரிடம், "ஆரம்பத்தில் பார்த்தது எது இப்போதும் அவரிடம் இருக்கிறது?" என்று கேளுங்கள். ஆண்டு, பொருள், ஆள் என்று பிடித்துக் கேட்டால்தான் பதில் வரும். "அவங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றால் "தங்கமானவங்க" என்பதோடு முடிந்துவிடும்.

சித்தி விஷயத்தில் கிடைத்தது இது: 1998-ல் ஒன்றாம் வகுப்புச் சீருடைக்கு அளவு கொடுத்த ஒரு பையன், இந்த மே மாதம் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான். அவனுடைய பழைய அளவு இன்னும் கடை நோட்டில் இருக்கிறது. போதும், வேறு எதுவும் தேவையில்லை. கிடைத்த நாலு சம்பவங்களையும் திணித்தால் கேப்ஷன் பாராட்டு மடல் ஆகிவிடும்.

3. 50-ஐ உரிய இடத்தில் வையுங்கள்

சித்தி கடை தொடங்கியது 1996-ல். ஆகவே "அரை நூற்றாண்டுத் தையல்" என்று எழுதக்கூடாது, தையல் 30 ஆண்டுதான். மீதி 20-க்குச் சாட்சி யார்? அவருடைய அக்கா, அதாவது எழுதுகிறவரின் அம்மா. எழுதிப் பார்க்கலாம்:

> 1998-ல் சித்தியிடம் சீருடைக்கு அளவு கொடுத்த பையன், இந்த மே மாதம் தன் மகளோடு வந்தான்.
> சித்தி பழைய நோட்டை எடுத்துக் காட்டினார்: மார்பு 24.
> இன்று சித்திக்கு 50 நிறைகிறது. அதில் 30 ஆண்டு எங்கள் தெருவையே அளந்து வைத்திருக்கிறார்.
> முந்தைய 20-ஐ அம்மாதான் சொல்ல வேண்டும்.

4. பாராட்டுக்குள் ஒளிந்திருக்கும் கேலியை எடுங்கள்

"50 ஆனாலும் இளமை", "இன்னும் சுறுசுறுப்பு", "பார்த்தால் 30 போலவே". இவையெல்லாம் பாராட்டு மாதிரிதான் இருக்கும். ஆனால் 50 என்றால் சோர்ந்து கிடக்க வேண்டும், இவர் மட்டும் எப்படியோ தப்பிவிட்டார் என்பதுதான் உள்ளே இருக்கும் பொருள். எழுதியதில் ஆனாலும், இன்னும், போலவே இருந்தால் நின்று பாருங்கள். எடுத்துவிட்டால் வரியே விழுந்துவிடுகிறதா? அப்படியென்றால் அந்த வரி வயதைத்தான் கிண்டல் செய்துகொண்டிருந்தது. "வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்" கேலி இல்லைதான். ஆனால் அது எழுதுகிறவருடைய வயதைப் பற்றிய வரி, பிறந்தநாள் அவருக்கு இல்லையே.

5. முதல் வரியைச் சுருக்குங்கள்

இன்ஸ்டாகிராமில் 2,200 எழுத்துக்குறி வரை இடம் உண்டு. ஆனால் ஃபீடில் ஆரம்பம் மட்டும்தான் தெரியும், மீதி more தொட்டால் வரும். தமிழில் இன்னொரு சங்கதி: "சித்தி" நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஆறு குறி. அதனால் நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் இடம் தீரும். ஆளும் சம்பவமும் முதல் வரியிலேயே வந்துவிட வேண்டும். "இனிய பிறந்தநாள் நல்வாழ்த்துகள்" கடைசிக்குப் போகட்டும், அல்லது படத்தின் மேல் இருக்கட்டும்.

6. போடுவதற்கு முன் அவரிடம் காட்டுங்கள்

கேலியே இல்லாவிட்டாலும் வயதை ஊரறியச் சொல்வது சிலருக்குப் பிடிக்காது. பிறந்த தேதியும் ஆண்டும் சேர்ந்து வெளியே போவதும் நல்லதல்ல, கேப்ஷனில் 1976 எழுதாவிட்டாலும் இன்று 50 என்றாலே இரண்டும் தெரிந்துவிடும். அந்தப் பையனிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சித்தி எண் வேண்டாம் என்றால் மூன்றாம் வரியை இப்படி மாற்றி, நாலாம் வரியை விட்டுவிடலாம்: "இன்று சித்திக்குப் பிறந்தநாள். 30 ஆண்டாக எங்கள் தெருவையே அளந்து வைத்திருக்கிறார்."