வாடகை எத்தனை சதவீதம் ஏறியது? கீழே போடும் எண்ணில்தான் தப்பு நடக்கிறது

திருப்பூரில் நாங்கள் இருப்பது ஆறு வீடு கொண்ட லைன் வீடு. மூன்று வருடமாக 4,800 ரூபாயாக இருந்த வாடகையைப் போன மாதம் 5,400 ஆக்கினார்கள். சொல்ல வந்த வீட்டுக்காரர் மகன், "11 சதவீதந்தானுங்க ஏத்தியிருக்கறோம்" என்றார். பக்கத்து வீட்டு அக்காவுக்கு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. வீட்டுக்காரர் மகன் போன பிறகு அக்கா என்னிடம் வந்தார்.

"ஏந்தம்பி, 4,800-க்கு பத்து சதவீதம்னா 480. இன்னொரு சதவீதம் 48. ரெண்டும் சேத்துனா 528 தானே வருது? இவுங்க 600 கேக்கறாங்களே?"

அக்கா மனசிலேயே போட்ட இந்தச் சரிபார்ப்பு எந்தக் கால்குலேட்டரையும் விட நல்லது. யாராவது ஒரு சதவீதம் சொன்னால், அதைப் பழைய தொகையின் மேல் போட்டுப் பாருங்கள். புதிய தொகை வரவில்லை என்றால் சொன்ன சதவீதம் தப்பு.

பையன் வேண்டுமென்றே குறைத்துச் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஏற்றம் 600 என்பதைச் சரியாகத்தான் கழித்திருக்கிறார். அதை 5,400-ஆல் வகுத்துவிட்டார். அப்படி வகுத்தால் 11.11 வரும். புது வாடகையில் ஏற்றத்தின் பங்கு எவ்வளவு என்பதற்குத்தான் அது பதில். எத்தனை சதவீதம் ஏறியது என்று கேட்டால், எங்கிருந்து ஏறியதோ அந்த எண்தான் கீழே வரவேண்டும். 600-ஐ 4,800-ஆல் வகுத்தால் 0.125. நூறால் பெருக்கினால் 12.5 சதவீதம். 4,800-க்கு 12.5 சதவீதம் சரியாக 600. கணக்கு உட்கார்ந்துவிட்டது.

ஏறும்போது புதிய எண்தான் பெரியது. அதனால் அதைக் கீழே போட்டால் சதவீதம் எப்போதும் குறைவாகத்தான் தெரியும். கொடுக்கிறவர் கவனிக்க வேண்டிய இடம் இது. விசைத்தறிக் கூலிப் பேச்சு நடக்கும் சோமனூர், பல்லடம் பக்கத்தில் இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எத்தனை சதவீதம் என்பதற்கு முன்னால், எந்தக் கூலியின் மேல் என்றுதான் அங்கே கேள்வி வரும்.

அக்கா செல்போனில் தானே போட்டுப் பார்த்தார். 5,300 என்று வந்தது! அவர் அழுத்தியது இப்படி:

```
5400 - 4800 ÷ 4800 × 100
```

பெரும்பாலான செல்போன்களில் வகுத்தலும் பெருக்கலும் முதலில் நடக்கும், கழித்தல் கடைசியில். 4,800-ஐ 4,800-ஆல் வகுத்தால் 1, அதை நூறால் பெருக்கினால் 100, 5,400-இல் அதைக் கழித்தால் 5,300. அதே பொத்தான்களை அதே வரிசையில் மளிகைக் கடையில் இருக்கும் சாதாரணக் கால்குலேட்டரில் அழுத்தினால் 12.5 வரும். அது ஒவ்வொரு படியாக முடித்துக்கொண்டே போகும். போனில் போடுவதென்றால் கழித்தலுக்கு அடைப்புக்குறி வேண்டும்:

```
(5400 - 4800) ÷ 4800 × 100
```

நான் இன்னும் சுருக்கமாக, புதியதைப் பழையதால் வகுத்துவிடுவேன். 5,400-ஐ 4,800-ஆல் வகுத்தால் 1.125. இதைப் பார்த்து வாடகை 112.5 சதவீதம் ஏறிவிட்டது என்று பதறுபவர்கள் உண்டு. அதிலுள்ள 1 பழைய வாடகை. அதை விட்டுவிட்டு மிச்சமுள்ள 0.125-ஐ எடுத்தால் போதும்.

இந்த 1.125 பின்னோக்கிப் போகவும் உதவும். புது வாடகை 5,400, ஏற்றம் 12.5 சதவீதம், பழைய வாடகை என்ன என்று கேட்டால் பலரும் 5,400-இல் 12.5 சதவீதத்தைக் கழிப்பார்கள். 4,725 வரும், அது தப்பு. ஏறியது 4,800-இன் மேல், கழிப்பது 5,400-இலிருந்து. 5,400-ஐ 1.125-ஆல் வகுக்க வேண்டும்.

இதெல்லாம் எண்ணில் வரும் தப்பு. எங்கள் லைனில் பெரிய வித்தியாசம் வேறு இடத்தில் ஒளிந்திருந்தது. இதுவரை உப்புத்தண்ணி மோட்டார் செலவு வாடகைக்குள்ளேயே இருந்தது. இனிமேல் அதற்குத் தனியாக வீட்டுக்கு 200 ரூபாய் என்று வீட்டுக்காரர் மகன் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அப்படியானால் 4,800-ஐ 5,400-உடன் ஒப்பிடுவதே சரியில்லை. தண்ணீரோடு சேர்ந்த பழைய தொகைக்கு, தண்ணீரோடு சேர்ந்த புதிய தொகை 5,600. ஏற்றம் 800. அதை 4,800-ஆல் வகுத்தால் 16.67 சதவீதம். அவர் சொன்ன 11 எங்கே, இது எங்கே! கணக்கைத் தொடங்குமுன் இரண்டு தொகைக்குள்ளும் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. மூன்று வருடமாக அவர் ஏற்றவே இல்லை. 12.5-ஐ மூன்றால் வகுத்து வருடத்துக்கு 4.17 என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் தப்பு. வருடா வருடம் ஏற்றியிருந்தால் இரண்டாம் வருட ஏற்றம், முதல் வருடம் ஏறிய தொகையின் மேல் விழும். 4,800-ஐ 1.04-ஆல் மூன்று தடவை பெருக்கிப் பாருங்கள்: 4,992, பிறகு 5,191.68, பிறகு கிட்டத்தட்ட 5,399. ஆக வருடத்துக்கு 4 சதவீதம்தான். தண்ணீர்க் காசையும் சேர்த்தால் சுமார் 5.3.

இதே விஷயம் வாடகை ஒப்பந்தத்திலும் வரும். "ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் 5 சதவீதம்" என்று எழுதியிருந்தால், முதல் வாடகையின் மேலா, அப்போதைய வாடகையின் மேலா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். 4,800-இல் தொடங்கி மூன்று புதுப்பிப்பு முடிந்தால் ஒரு வழியில் 5,520, இன்னொரு வழியில் 5,556.60. மாதம் 37 ரூபாய்க்குச் சண்டை வேண்டாம். ஆனால் பத்துப் புதுப்பிப்பில் அது 7,200-க்கும் ஏறக்குறைய 7,819-க்கும் உள்ள வித்தியாசம் ஆகிவிடும். இன்னொன்று, பதினோரு மாத ஒப்பந்தத்தில் அந்த 5 சதவீதம் பதினோரு மாதத்துக்கு. வருடக் கணக்கில் சுமார் 5.5 ஆகிறது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்காரரையே நேரில் பார்த்துப் பேசிவிட்டு வந்தார். வாடகை 5,400 என்பதில் மாற்றமில்லை, தண்ணீருக்கு 200 வேண்டாம், 100 போதும் என்று முடிந்திருக்கிறது. அடைப்புக்குறி எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்டு, போனில் அவரே போட்டார்.

"14.58 வருது தம்பி."

"கீழ எவ்வளவு போட்டீங்க?"

"4,800 தான். பின்ன 5,500-ஆ போடுவாங்க?"